19 வருஷம், ஒரு கடைசி ஷிப்பிங் பில்

எல்லோருக்கும் வணக்கம்.

வருகிற வெள்ளிக்கிழமை நவி மும்பையில், நம் பேலாப்பூர் ஆபீஸில் எனக்குக் கடைசி நாள். ஆங்கிலத்தில் மெயில் போய்விட்டது. மராத்திக்காரர்களிடமும் மலையாளிகளிடமும் மேஜை மேஜையாகப் போய் நேரில் சொல்லிவிட்டேன். ஆனால் சயானிலும் செம்பூரிலும் ஏறி என்னோடு ஒரே லோக்கலில் வந்தவர்கள், தூத்துக்குடி கிளையிலிருந்து தினமும் போனில் பேசியவர்கள், வேலையை மாற்றிக்கொண்டு துபாய்க்கும் சென்னைக்கும் போன பழைய ஆட்கள், உங்களிடம் தமிழில் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

2006 ஜூனில் ஏற்றுமதி டாக்குமெண்ட் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது ஆபீஸ் ஃபோர்ட்டில், மரப்படி ஏறிப் போகிற ஒரு பழைய கட்டடத்தில் இருந்தது. பி.காம். முடித்திருந்தேன், டைப்பிங் தெரியும், அவ்வளவுதான். பில் ஆஃப் லேடிங் என்ற பெயரையே அன்றுதான் கேட்டேன். பக்கத்து மேஜை அண்ணாச்சி ஒன்றை எடுத்து நீட்டினார். "இது வெறும் பேப்பர்னு நினைக்காத தாயி. இந்த ஒரிஜினல் யார் கையில இருக்கோ அவங்களுக்குத்தான் சரக்கு. மூணு ஒரிஜினல் போடுவாங்க, மூணையும் உன் பிள்ளை மாதிரி பாத்துக்க."

கண்டெய்னர் எண்ணைப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். நான்கு எழுத்து, ஏழு இலக்கம். ஏழாவது இலக்கத்தைக் கண்டெய்னர் கதவில் சின்னக் கட்டத்துக்குள் எழுதியிருப்பார்கள். முன்னால் இருக்கிற பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால் அந்த இலக்கம்தான் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ தப்பாக எழுதியிருக்கிறோம். ஒரு மத்தியான நேரம் முழுக்க என்னை உட்காரவைத்து, எழுத்துக்கு இவ்வளவு மதிப்பு, அதை இரண்டால், நான்கால், எட்டால் பெருக்கு, கூட்டு, பதினொன்றால் வகு என்று பென்சிலால் போட்டுக் காட்டினார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இவ்வளவு தெரிந்தும் 2008இல் தப்பு செய்தேன். 48 என்று அடிக்க வேண்டிய இடத்தில் 84 என்று அடித்துவிட்டேன். அப்போது நாங்கள் வைத்திருந்த சாஃப்ட்வேர் அதைப் பிடிக்கவில்லை, அவசரத்தில் நானும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. சரக்கு துபாயின் ஜெபல் அலி துறைமுகத்தில் போய் இறங்கி, எண் ஒத்துவராமல் நின்றது. திருத்தக் கட்டணம், தாமதக் கட்டணம், பார்ட்டியிடமிருந்து கோபமான போன்கள். எங்கள் மேனேஜர் சாகேப் அதற்கு விளக்கம் எழுதிய கடிதத்தில் "என் கவனக்குறைவு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் பெயர் எங்கேயும் வரவில்லை. என்னைக் கூப்பிட்டு, "நாளையிலிருந்து டிராஃப்டைச் சத்தமாகப் படி, நான் விரல் வைத்துப் பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையிலிருந்து அப்படித்தான். அவர் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியும் எங்கள் செக்‌ஷனில் ஒருவர் படிக்க, இன்னொருவர் விரல் வைத்துப் பார்ப்பது நிற்கவில்லை. சாகேப், நீங்கள் தமிழ் படிக்க மாட்டீர்கள். உங்கள் மருமகள் படித்துச் சொல்வார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அந்தக் கையெழுத்தை நான் மறக்கவே இல்லை.

சுங்கத்துறையின் எச் கார்டு வைத்துக்கொண்டு நாவா சேவா துறைமுகத்திலும் சிஎஃப்எஸ் என்கிற கண்டெய்னர் கிடங்கு வாசலிலும் நின்ற தம்பிகளுக்கு எப்படி நன்றி சொல்வது? இப்போது சீல் எண்ணைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறீர்கள். வாட்ஸ்அப் வராத காலத்தில், ஜூலை மழையில் டாக்குமெண்டைப் பால் கவரில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவருவீர்கள். ஆள் தொப்பலாக நனைந்திருப்பான், காகிதத்தில் ஒரு சொட்டு இருக்காது. நாங்கள் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து அடித்த ஒவ்வொரு வரியையும் வெயிலிலும் மழையிலும் சுமந்தவர்கள் நீங்கள்.

அப்புறம் ஜிஎஸ்டி வந்தது. 2017 ஜூலைக்குப் பிறகு எட்டு மாதம் எங்கள் எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தை: SB005. ஏற்றுமதிக்காகச் சுங்கத்தில் கொடுக்கிற ஷிப்பிங் பில்லில் இருக்கிற இன்வாய்ஸ் எண்ணும் ஜிஎஸ்டி ரிட்டர்னில் இருக்கிற எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் வருகிற பிழை. ஒன்றில் 45 என்று இருக்கும், இன்னொன்றில் 2017-18/45 என்று இருக்கும். இவ்வளவுதான் வித்தியாசம், அதற்கே ஏற்றுமதி செய்தவருக்குத் திரும்பி வர வேண்டிய வரிப் பணம், ரீஃபண்ட், நின்றுவிடும். சோலாப்பூரில் துண்டு நெய்து அனுப்புகிற ஒரு பெரியவர் தினமும் காலையில் போன் செய்வார். கத்த மாட்டார். "பேட்டி, இன்று ஏதாவது வந்ததா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். தறிக்காரர்களுக்கு அவர் கூலி கொடுக்க வேண்டிய பணம் அது. 2018 மார்ச்சில் சிறப்பு ரீஃபண்ட் முகாம் நடந்தபோது நாங்கள் ஐந்து பேர் ராத்திரி ராத்திரியாக எக்செல்லில் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பட்டியல் போட்டோம். அவருடைய பில் கிளியர் ஆன அன்று பேன்ட்ரி அண்ணன் எல்லோருக்கும் கட்டிங் சாய் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அந்த ஐவரில் நானும் இருந்தேன் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

2020ஐப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. லோக்கல் நின்றது, துறைமுகம் நிற்கவில்லை. தாராவியில் எங்கள் ஒற்றை அறை வீட்டில், மாடிப்படியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஃபைல் செய்தேன். என் தெருவில் என்ன நடக்கிறது என்று செய்தியில் வந்தபோதெல்லாம் உல்வேயிலிருந்தும் நெருலிலிருந்தும் உங்கள் போன் வரும். அக்டோபரில் பெண்களை மறுபடி ரயிலில் ஏறவிட்டபோது, குர்லாவில் மாறி ஹார்பர் லைனில் உட்கார்ந்தேன். செம்பூரில் நீங்கள் ஏறினீர்கள் அக்கா. மாஸ்க்குக்கு மேலே கண்ணை மட்டும் பார்த்து அடையாளம் கண்டு, இருவரும் மான்குர்ட் வரை பேசவே இல்லை. உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

சரி, அடுத்தது என்ன என்று எல்லோரும் கேட்கிறீர்கள். முழுதாகச் சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். அப்பாவுக்கு உடன்குடி பக்கம். போன சித்திரையில் ஊருக்குப் போனபோது அத்தை வீட்டுக் கொல்லையில் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பாகு இறுகி வரும் பதத்தில் அகப்பையால் மொண்டு சிரட்டைகளில் ஊற்றினார் அத்தை. ஆறின பிறகு ஒன்றைத் தட்டி எடுத்து என் கையில் வைத்து, "நீ கப்பல் கம்பெனியிலதான இருக்க? இத சிங்கப்பூருக்கு அனுப்ப என்ன பேப்பர் வேணும்?" என்று கேட்டார். 19 வருஷத்தில் ஆயிரக்கணக்கான பார்ட்டிகளுக்கு அந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறேன். என் சொந்த அத்தைக்குச் சொன்னதில்லை. ஒரு கண்டெய்னரை முழுதாக நிரப்ப வேண்டியதில்லை, கன மீட்டர் கணக்கில் இடம் பிடித்து மற்றவர் சரக்கோடு சேர்த்து அனுப்பலாம் என்றே அங்கே பலருக்குத் தெரியவில்லை.

அதனால் சாளுக்யா எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாகிவிட்டது. போன வாரம் வெளிநாட்டு வர்த்தகத்தைப் பார்க்கிற டிஜிஎஃப்டியின் தளத்தில் 500 ரூபாய் கட்டி, ஐஇசி என்கிற ஏற்றுமதி இறக்குமதி எண்ணுக்கு விண்ணப்பித்தேன். எத்தனையோ பேருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், என் பெயரை அந்தக் கட்டத்தில் அடித்தது இதுதான் முதல் தடவை.

தூத்துக்குடி கிளை நண்பர்களே, கூடிய சீக்கிரம் உங்கள் வாசலில் பார்ட்டியாக வந்து நிற்பேன். டாக்குமெண்ட் செக்‌ஷன் பிள்ளைகளே, என் மேஜை டிராயரில் அண்ணாச்சி எழுதின அந்தத் தாளின் நகல் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டிராஃப்ட் தயாரானதும் உங்களுக்குத்தான் அனுப்புவேன். ஒருவர் சத்தமாகப் படியுங்கள், இன்னொருவர் விரல் வைத்துப் பாருங்கள்.