அளவு கூடாமல் சத்து கூட: பசி குறைந்த முதியவருக்குச் சமைப்பவர்களுக்கான துண்டறிக்கை

இந்தத் தாளை உங்கள் கையில் கொடுக்கிறோம் என்றால், உங்கள் வீட்டுப் பெரியவரின் எடை சில மாதங்களாக இறங்கி வருகிறது, தட்டில் பாதிச் சாப்பாடு மிஞ்சுகிறது என்று அர்த்தம். "இன்னும் ரெண்டு வாய் சாப்பிடுங்க" என்று நீங்கள் கெஞ்சிக் களைத்தும் போயிருப்பீர்கள். அந்தக் கெஞ்சலைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். அவர் சாப்பிடுகிற அதே பாதித் தட்டு அப்படியே இருக்கட்டும். அதன் ஒவ்வொரு கரண்டியிலும் என்ன இருக்கிறது என்பதை மட்டும் மாற்றப் பார்ப்போம்.

ஏன் பசி குறைகிறது?

வயது ஏற ஏற நாக்கும் மூக்கும் மந்தமாகின்றன. வயிறு மெதுவாகக் காலியாவதால், காலையில் சாப்பிட்டது மதியம் வரை நிறைவாகவே தெரியும். இவை இயல்பானவை. ஆனால் பசியின்மைக்குச் சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு: எடை இறங்கியதால் தளர்ந்துபோன பல்செட், வாய்ப்புண், வாய் வறட்சி, மலச்சிக்கல், மனச்சோர்வு, புதிதாகத் தொடங்கிய ஒரு மாத்திரை. சமையலறைக்குள் போவதற்கு முன் அவரது வாயை ஒருமுறை திறந்து பாருங்கள். வாய்ப்புண் இருக்கும்போது எவ்வளவு வெண்ணெய் சேர்த்தாலும் சாப்பாடு உள்ளே போகாது.

முதலில் பாலைச் சரிசெய்யுங்கள்

இந்தத் தாளில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கொழுப்பு எடுக்காத பால் அரை லிட்டருக்குக் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 50 கிராம், அதாவது குவித்து எடுத்தால் சுமார் 4 மேசைக்கரண்டி. பவுடரை முதலில் கொஞ்சம் ஆறிய பாலில் விட்டுக் குழைத்துக்கொண்டு, பிறகு மீதிப் பாலில் கலக்குங்கள். கொதிக்கும் பாலில் நேராகக் கொட்டினால் கட்டி தட்டும். நான் முதல்முறை அப்படித்தான் கொட்டிவிட்டு வடிகட்டியோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன்.

சாதாரணப் பால் 200 மில்லியில் சுமார் 130 கலோரியும் 6 முதல் 7 கிராம் புரதமும் இருக்கும். இந்தக் கெட்டிப்பாலில் அதே 200 மில்லிக்குச் சுமார் 190 கலோரி, புரதம் ஏறக்குறைய இரட்டிப்பு. டம்ளர் அதேதான், குடிப்பதும் அதே அளவுதான். கலந்த பாலை ஃப்ரிட்ஜில் மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

இனி வீட்டில் அவருக்காகப் பால் சேரும் இடம் எல்லாவற்றிலும் இந்தப் பால்தான்: கஞ்சி, டீ, காபி, கெட்டி சூப், மசித்த உருளைக்கிழங்கு. அவர் தண்ணீரில் வைத்த கஞ்சிதான் குடிப்பார் என்றால் முதல் நாள் பாதித் தண்ணீர், பாதிப் பால் வையுங்கள். ருசி திடீரென மாறினால் பெரியவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் அந்தப் பக்கமே வர மாட்டார்கள்.

பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு லாக்டோஸ் நீக்கிய பாலோ, புரதம் சேர்த்த சோயா பாலோ பயன்படும். மற்ற தானிய, கொட்டைப் பால்களில் பெரும்பாலும் புரதம் மிகக் குறைவு. அட்டையின் பின்பக்கம் பார்த்து வாங்குங்கள்.

ஒரு கரண்டி சேர்த்தால் எவ்வளவு?

ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. அதனால் கொஞ்ச இடத்தில் நிறைய சக்தியை வைக்க வேண்டுமென்றால் கொழுப்புதான் கைகொடுக்கும். ஆனால் கரைந்துபோன தசை திரும்ப வருவதற்குப் புரதம் வேண்டும். ஆகவே கொழுப்பில் ஒன்று, புரதத்தில் ஒன்று என இரண்டு பக்கமும் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

- வெண்ணெய் அல்லது எண்ணெய் 1 தேக்கரண்டி: 35 முதல் 45 கலோரி. சூடான எதிலும் கரைந்துவிடும், தெரியவே தெரியாது.
- முட்டை 1: சுமார் 70 கலோரி, 6 கிராம் புரதம். கொதிக்கும் கஞ்சியிலோ சூப்பிலோ அடித்து ஊற்றிக் கிளறி, நன்றாக வேகவிடுங்கள். பச்சை முட்டையும் அரைவேக்காடும் வேண்டாம்.
- சீஸ் 30 கிராம், அதாவது ஒரு தீப்பெட்டி அளவு: சுமார் 120 கலோரி, 7 கிராம் புரதம்.
- வேர்க்கடலை வெண்ணெய் 1 மேசைக்கரண்டி: சுமார் 95 கலோரி, 4 கிராம் புரதம். வாயில் ஒட்டும் பண்டம், அதனால் கரண்டியில் அப்படியே கொடுக்காமல் எதிலாவது கரைத்துக் கொடுங்கள்.

பருப்பைப் பொறுத்தவரை வேலை இன்னும் சுலபம். வீட்டுக்கு எல்லோருக்கும் நீர்க்க வைத்தாலும், அவர் பங்கை அடியிலிருந்து கெட்டியாக எடுத்து மசித்து, மேலே வெண்ணெய் விட்டுக் கொடுத்தால் போதும்.

தெளிவான சூப்பைப் பற்றி ஒரு வார்த்தை. உடம்பு சரியில்லாதவருக்கு அன்போடு கொடுக்கிற முதல் பொருள் அதுதான். ஆனால் அதில் பெரும்பகுதி தண்ணீர். வயிறு நிறைந்துவிடும், அடுத்து வருகிற சாப்பாட்டுக்கு இடமிருக்காது. காய், பருப்பு, கிழங்கு போட்டு அரைத்த கெட்டி சூப்பாக மாற்றுங்கள். சாப்பாட்டுக்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் பழக்கமும் அப்படித்தான். தண்ணீரைக் குறைக்க வேண்டாம், ஏனென்றால் வயதானவர்களுக்குத் தாகமே சரியாகத் தெரியாது. இரண்டு வேளைக்கு நடுவில் கொடுங்கள்.

ஒரு நாள் எப்படி இருக்கும்

46 கிலோ எடையுள்ள, 78 வயது அம்மா ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் அரைக் கிண்ணம் கஞ்சி, மதியம் ஒரு கைப்பிடிச் சோறும் பருப்பும், மாலையில் டீ, இரவில் கொஞ்சம் மசித்த உருளைக்கிழங்கு. இதற்கு மேல் ஒரு வாய் இறங்காது.

சரி, காலைக் கஞ்சியைத் தண்ணீருக்குப் பதிலாக 150 மில்லி கெட்டிப்பாலில் வைத்து ஒரு தேக்கரண்டி வெண்ணெய் விடுகிறோம். மதியச் சோற்றில் இரண்டு தேக்கரண்டி வெண்ணெய், பக்கத்தில் ஒரு முட்டை. டீயின் இடத்தில் ஒரு டம்ளர் கெட்டிப்பால், டீ வாசனை வேண்டுமென்றால் அதிலேயே தூளைப் போட்டுக் கொதிக்க வைக்கலாம். இரவு கிழங்கை மசிக்கும்போது ஒரு மேசைக்கரண்டி பால் பவுடர், ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், கொஞ்சம் துருவிய சீஸ். தட்டின் அளவு ஏறக்குறைய அதேதான். ஆனால் நாள் முடியும்போது 600 முதல் 700 கலோரி கூடியிருக்கும், புரதமும் 30 கிராமுக்கு மேல் ஏறியிருக்கும். முதியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இந்த அம்மாவுக்கு அது 46 முதல் 55 கிராம். அதில் பாதிக்கு மேல், அவருக்கே தெரியாமல் உள்ளே போய்விடுகிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதல் மூன்று நாள் பாலை மட்டும் மாற்றுங்கள். வயிறு ஒத்துக்கொண்டால் வெண்ணெய். அடுத்த வாரம் முட்டை.

பரிமாறும் விதம்

மூன்று வேளையைப் பிரித்து ஐந்தாறு தடவையாகக் கொடுங்கள். சின்னத் தட்டில் வையுங்கள், பெரிய தட்டு நிறையக் குவித்தால் பார்த்ததுமே மனசு விட்டுப்போகும். பலருக்குக் காலையில்தான் பசி நன்றாக இருக்கும். அந்த வேளையைச் சிக்கனமாகக் கழித்துவிட்டு ராத்திரிக்காகப் பாடுபடுவதில் பயனில்லை. மிளகு, எலுமிச்சை, புதினா, கொத்தமல்லி ஆகியவை மங்கிய நாக்கைக் கொஞ்சம் தட்டி எழுப்பும். இனிப்பின் மேல் ஆசை கடைசி வரை தங்கும், அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். கெட்டித் தயிரில் மசித்த வாழைப்பழமும் பால் பவுடரும் கலந்தால் நல்ல மாலைப் பலகாரம்.

முடிந்தால் கூட உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் எண்ணினால் யாருக்குத்தான் இறங்கும்?

"கொழுப்பு இருக்கிறதே, சர்க்கரை இருக்கிறதே?"

ஏறக்குறைய எல்லோரும் கேட்கிற கேள்வி. எடை இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு முதியவருக்கு இப்போதைக்குப் பெரிய ஆபத்து தசை கரைவதும் கீழே விழுவதும் புண் ஆறாமல் இருப்பதும்தான். கொலஸ்ட்ரால் கணக்கை மருத்துவர் சொல்லும்வரை கொஞ்சம் ஒதுக்கி வைக்கலாம். வெண்ணெய் உறுத்தினால் அந்த இடத்தில் எண்ணெயும் அரைத்த கொட்டைகளும் சேருங்கள். நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை, தேன் வழியில் போகாமல் முட்டை, சீஸ், எண்ணெய் வழியில் சத்தேற்றுங்கள். பாலிலும் பால் பவுடரிலும் இயற்கையான சர்க்கரை இருப்பதால் ரத்தச் சர்க்கரையைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

இவர்களுக்கு எங்களைக் கேட்காமல் தொடங்காதீர்கள்

சிறுநீரக நோய் இருந்தால் பால் பவுடரும் கூடுதல் புரதமும் கெடுதல் செய்யலாம், அவற்றில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் அதிகம். சாப்பிடும்போது புரையேறுகிறது, இருமல் வருகிறது, தொண்டையில் தண்ணீர் தங்கியதுபோல் குரல் களகளவென்று கேட்கிறது என்றால் விழுங்குவதில் சிக்கல் இருக்கலாம். அதைப் பரிசோதித்த பிறகுதான் எதை எவ்வளவு கெட்டியாகக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவருக்குத் திடீரென நிறையக் கொடுப்பது ஆபத்து. ரத்தத்தில் உப்புகளின் அளவு சட்டென்று சரியலாம், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தைராய்டு மாத்திரையையும் சில ஆன்டிபயாடிக்குகளையும் பாலோடு சேர்த்துக் கொடுத்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று மருந்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடை பார்ப்பது

வாரம் ஒருமுறை, ஒரே தராசில், காலையில், ஏறக்குறைய அதே உடையில் எடை பாருங்கள். நிற்க முடியாதவர் என்றால் மோதிரம், வளையல், இடுப்புத் துணி எவ்வளவு தளர்கிறது என்பதைக் கவனித்தால் போதும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்திருந்தால் கவலைப்பட வேண்டிய விஷயம். 50 கிலோ இருந்தவர் 47.5 ஆவது அப்படித்தான். இரண்டே நாளில் எடை ஏறி, காலும் வீங்கினால் அது சத்தால் வந்த எடை அல்ல, நீர் கோத்திருக்கிறது. அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அழைத்து வாருங்கள்.

அடுத்த முறை வரும்போது மூன்று நாள் உண்மையில் உள்ளே போனதை எழுதிக்கொண்டு வாருங்கள். தட்டில் வைத்ததை எழுத வேண்டாம், மிச்சத்தைக் கழித்துவிட்டு எழுதுங்கள். சாப்பிடுகிற மாத்திரைகள் எல்லாம் ஒரு பையில் வரட்டும், பல்செட்டை மறந்துவிட்டு வராதீர்கள்.