எங்கள் ஆண்டு விழா மேடையில் நடந்ததற்காக மன்னிப்புக் கேட்கிறோம்

யாழ்ப்பாணம் சோனகதெரு, பொம்மைவெளிப் பகுதிகளில் வாழும் முஸ்லிம் மக்களுக்கும், பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும், அன்று எங்கள் அழைப்பை ஏற்று வந்த ஆசிரியர்கள், பெற்றோர், மாணவர்களுக்கும்,

வணக்கம்.

கடந்த சனிக்கிழமை மாலை எங்கள் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவும் பரிசளிப்பும் நடந்தன. அதில் சிறப்புரையாற்ற நாங்கள் அழைத்த பேச்சாளர் தமது உரையின் கடைசிப் பகுதியில், 1990இல் வடக்கு முஸ்லிம்களுக்கு நடந்ததைச் சிறுமைப்படுத்தினார். திரும்பி வந்து குடியிருப்பவர்களைக் குத்திப் பேசினார். அந்தச் சொற்களை இங்கே எழுத மாட்டோம். கேட்டவர்களுக்குத் தெரியும், கேட்காதவர்களுக்கு நாங்கள் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கத் தேவையில்லை.

அது தவறான பேச்சு. அதைவிட எங்களை உறுத்துவது, பேச்சுக்குப் பிறகு நாங்கள் செய்தவை. ஒலிவாங்கி எங்கள் கையில் இருந்தது. அறிவிப்பாளர் எங்கள் குழு உறுப்பினர். நிறுத்தச் சொல்லி ஒரு துண்டு எழுதிக் கொடுத்திருக்கலாம். உரை முடிந்ததும் தலைவர் எழுந்து இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். மண்டபத்தில் சிலர் கைதட்டினார்கள், நாங்கள் பொன்னாடை போர்த்தினோம். முன்வரிசையில் நீங்கள் இருந்தீர்கள் என்பது தெரிந்தும் நிகழ்ச்சி நிரலில் அடுத்தது என்ன என்று பார்த்துக்கொண்டிருந்தோம். கட்டுரைப் போட்டியில் முதலிடம் பெற்ற ஒன்பதாம் தர மாணவி தன் பெயரை வாசிக்கும் முன்பே தாயாரோடு எழுந்து போனார். பெயர் வாசிக்கப்பட்டபோது மேடைக்கு யாரும் வரவில்லை. அப்போதுதான் எங்களில் பலருக்கு உறைத்தது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் முகநூல் பக்கத்தில் இரண்டு வரி போட்டோம். "பேச்சாளரின் கருத்து அவருடைய தனிப்பட்ட கருத்து, குழு பொறுப்பல்ல" என்று. அதை மீளப் பெறுகிறோம். அவரைத் தேர்ந்தெடுத்தது நாங்கள், அழைப்பிதழ் அச்சடித்தது நாங்கள், உங்களை வரச் சொல்லிக் கேட்டதும் நாங்கள். வீட்டுக்கு அழைத்த விருந்தாளியை இன்னொரு விருந்தாளி இகழ்ந்தால் வீட்டுக்காரர் பொறுப்பில்லை என்று எந்த ஊரிலும் சொல்வதில்லை.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு வரச் சொல்லி, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டு வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். அந்த ஒக்டோபரில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000க்கும் அதிகமான முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக இருந்தார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிய பிறகுதான் பல குடும்பங்களால் இங்கே திரும்ப முடிந்தது. வந்தவர்களில் பலருக்கு வீடு இருந்த இடத்தில் சுவர்கூட மிஞ்சவில்லை. இது நடந்தது. எங்கள் அயலில் நடந்தது. இதைக் கூட்டியோ குறைத்தோ பேசுவதற்கு எங்கள் மேடை இனி இடமாகாது.

1995இல் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, இராணுவம் முன்னேறி வந்த வேளையில், வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் சாவகச்சேரிப் பக்கமாக நடந்தது. எங்கள் குழுவில் அந்த மழையில் செம்மணிப் பாதையில் நின்றவர்கள் நான்கு பேர் இருக்கிறோம். ஒரு துயரத்துக்கு இன்னொன்று ஈடு என்று காட்ட இதைச் சொல்லவில்லை, அப்படி ஒரு கணக்கு கிடையாது. கதவைப் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பது என்னவென்று தெரிந்தவர்கள் நாங்கள். தெரிந்திருந்தும் சனிக்கிழமை வாய் திறக்காமல் இருந்தோம். வெட்கமாக இருக்கிறது.

இந்தக் கடிதம் ஐந்து நாள் பிந்தியதற்கும் மன்னிப்புக் கேட்கிறோம். இரண்டு மாலை கூடிப் பேசினோம். "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்" என்று ஒரு வரைவு முதலில் வந்தது. புண்பட்டது என்று தெரிந்த பிறகு "இருந்தால்" என்ன வேண்டிக்கிடக்கிறது என்று எங்கள் மாதர் பிரிவுத் தலைவி கேட்டார். அந்த வரைவைக் கிழித்துவிட்டு இதை எழுதினோம். குழுவின் பதினொரு பேரும் கையொப்பம் இட்டிருக்கிறோம்.

இதுவரை செய்தவை: உரையின் ஒளிப்பதிவை எங்கள் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டோம். வேறிடங்களில் பரவுவதை எங்களால் தடுக்க முடியவில்லை, ஆனால் எங்கள் உறுப்பினர் எவரும் பகிர மாட்டார்கள். பேச்சாளரை நேரில் சந்தித்து, அவர் பேசியது தவறு என்று சொல்லிவிட்டோம். அவர் சார்பில் நாங்கள் மன்னிப்புக் கேட்க முடியாது, அதை அவர்தான் செய்ய வேண்டும். எங்கள் மேடையில் இனி அவருக்கு இடமில்லை. இந்தக் கடிதத்தை வரும் ஞாயிறு காலை, விழா நடந்த அதே மண்டபத்தில், அதே ஒலிவாங்கியில் தலைவர் வாசிப்பார். வாசிகசாலைப் பலகையிலும் ஒரு மாதம் தொங்கும்.

அடுத்த ஆண்டிலிருந்து பேச்சாளரிடம் தலைப்பையும் உரைச் சுருக்கத்தையும் முன்கூட்டியே கேட்டுப் பெறுவோம். தேவை வந்தால் உரையை நிறுத்தும் பொறுப்பு குழு உறுப்பினர் ஒருவருக்குக் கொடுக்கப்படும். சங்கடமான வேலைதான். சனிக்கிழமை அந்தச் சங்கடத்துக்குப் பயந்துதான் சும்மா இருந்தோம்.

மாணவியின் பரிசு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. அவரும் பெற்றோரும் விரும்பும் இடத்தில், விரும்பும் நாளில் கொண்டுவந்து கொடுப்போம். படம் எடுக்க மாட்டோம். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்வோம். கட்டுரை நன்றாக இருந்தது, நடுவர்கள் மூவரும் ஒரே மனதாகத் தேர்ந்தது அது. அதை மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

எங்கள் ஊர்ச் சனத்திடமும் ஒன்று கேட்கிறோம். இந்த விடயத்தில் முகநூலிலோ வட்ஸ்அப்பிலோ பதிலுக்குப் பதில் எழுத வேண்டாம். "அவர்கள் மட்டும் பேசவில்லையா" என்று பழைய கதைகளைக் கிண்ட வேண்டாம். பேச்சாளரின் குடும்பத்தாரையோ அவருடைய ஊரையோ திட்டவும் வேண்டாம், அவர்கள் யாரும் அந்த மேடையில் நிற்கவில்லை. கோபத்தில் யாராவது எங்கள் குழுவைக் கடுமையாக ஏசினால் ஏசட்டும்.

முஸ்லிம் உறவுகளே, உடனே மன்னித்துவிடுங்கள் என்று உங்களிடம் கேட்கவில்லை. யாராவது பொலிஸில் முறைப்பாடு செய்திருந்தால் அது உங்கள் உரிமை, மீளப் பெறும்படி எவரையும் அனுப்ப மாட்டோம். எங்களைச் சந்திக்க விருப்பமென்றால் நீங்கள் சொல்லும் இடத்துக்கு வந்து, பேச வேண்டியதை நீங்கள் பேசி முடிக்கும்வரை கேட்போம். இப்போது வேண்டாம் என்றால் காத்திருப்போம். பள்ளிவாசல் நிர்வாகத்திடம் இந்தக் கடிதத்தின் பிரதியோடு எங்கள் செயலாளரின் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர், மாதர் பிரிவுத் தலைவி மற்றும் உறுப்பினர்கள் எழுவர்
ஆண்டு விழாக் குழு, சனசமூக நிலையம்
யாழ்ப்பாணம்