பொருள்: உங்கள் ஊரில் வாடகை வீடு தேடுவது பற்றி

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் தங்கையோடு முன்பு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவள் நான். அவளுடைய கல்யாணத்தில் நாம் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம், உங்களுக்கு நினைவிருக்கலாம். அவளிடம் கேட்டுத்தான் இந்த முகவரிக்கு எழுதுகிறேன்.

எனக்கு உங்கள் ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் 15ஆம் தேதி சேர வேண்டும். அங்கே எனக்குத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் வீடு தேடுவது பற்றி உங்களிடம் யோசனை கேட்கிறேன்.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்கு மூட்டுவலி, மாடிப்படி ஏற முடியாது. ஆகவே தரைத்தளமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மின்சாரம் போனாலும் ஓடுகிற லிஃப்ட் வேண்டும். ஒரு படுக்கையறை போதும். நான் வேலைக்குப் போன பிறகு அம்மா பகல் முழுவதும் தனியாக இருப்பார். அவசரத்துக்குக் கூப்பிட்டால் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது எட்டிப் பார்க்கிற மாதிரியான தெரு கிடைத்தால் எனக்குப் பெரிய நிம்மதி. நடந்து போகிற தூரத்தில் மருந்துக்கடையும், பக்கத்தில் ஒரு டாக்டரும் இருந்தால் நல்லது. வீடு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை அக்கா, இந்த விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அலுவலகம் ரயில் நிலையத்துக்கு வடக்கே, புறவழிச் சாலையை ஒட்டி இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் சுற்றியுள்ள எல்லா இடமும் பக்கம் போலத்தான் தெரிகிறது. ஆனால் காலை நேர நெரிசலில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் சீக்கிரம் போய்ச் சேரலாம் என்பது அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். சில நாள் வேலை முடிய இரவு ஒன்பது மணி ஆகிவிடும். அந்த நேரத்தில் பேருந்து கிடைக்கிற, தெருவிளக்கு எரிகிற பகுதிகள் எவை? மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குகிற இடங்கள், கோடையில் தண்ணீருக்குத் திண்டாடுகிற இடங்கள் இருந்தால் அவற்றையும் சொல்லுங்கள். விளம்பரத்தில் இதையெல்லாம் யாரும் போடுவதில்லை.

இணையத்தில் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருவர் வீட்டைக் காட்டுவதற்கு முன்பே முன்பணம் அனுப்பச் சொன்னார். தான் வெளியூரில் இருப்பதாகவும், பணம் வந்ததும் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகவும் சொன்னார். நான் அனுப்பவில்லை. நேரில் பார்க்காமல் யாருக்கும் பணம் தருவதில்லை என்று இருக்கிறேன். புரோக்கர் மூலம் போனால் அங்கே எவ்வளவு கமிஷன் கேட்பார்கள்? அதை வீட்டைப் பார்க்கும்போதே தர வேண்டுமா, ஒப்பந்தம் எழுதிய பிறகா? நீங்கள் நம்புகிற புரோக்கர் யாராவது இருந்தால், அவரிடம் கேட்டுவிட்டு எண்ணை அனுப்புங்கள். 'வீடு வாடகைக்கு' என்று வாசலில் பலகை மாட்டியிருப்பதைப் பார்த்துத் தேடினால் நேரடியாகக் கிடைக்குமா என்றும் தெரிந்துகொள்ள ஆசை.

சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வாடகை அடங்க வேண்டும் என்பது என் கணக்கு. பராமரிப்புக் கட்டணம், தண்ணீர், மின்சாரம் எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன். அட்வான்ஸாக எத்தனை மாத வாடகை கேட்பது அங்கே வழக்கம்? காலி செய்யும்போது பெயிண்ட், பழுது என்று அதில் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள்? குடிபோகும் அன்றே சுவர், குழாய், மின்விசிறி எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கும் ஒரு பிரதி அனுப்பலாம் என்று நினைக்கிறேன். அதை அவர் தப்பாக எடுத்துக்கொள்வாரா? ஒப்பந்தத்தில் வாடகை உயர்வு எப்போது, எவ்வளவு, காலி செய்ய எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் எழுதித் தரச் சொல்லப் போகிறேன். மின்சாரத்துக்குத் தனி மீட்டரா என்றும் கேட்பேன். நீங்கள் அங்கே வீடு மாறியபோது வேறு ஏதாவது விஷயம் பின்னால் தெரியவந்ததா?

5ஆம் தேதி சனிக்கிழமை நான் மட்டும் வந்து, இரண்டு நாள் ஓட்டலில் தங்கி வீடு பார்ப்பதாக இருக்கிறேன். சரியாக அமையவில்லை என்றால் அவசரப்பட்டு எதையும் முடிக்க மாட்டேன். முதல் மாதம் விடுதியில் தங்கிக்கொண்டு நிதானமாகத் தேடுவேன். அதுவரை அம்மா சித்தி வீட்டில் இருப்பார்.

உங்களுக்கு வேலை நிறைய இருக்கும். எல்லாவற்றுக்கும் பதில் எழுத நேரமில்லை என்றால், தேடத் தகுந்த இரண்டு மூன்று பகுதிகளின் பெயரை மட்டுமாவது அனுப்புங்கள், அதுவே எனக்குப் பெரிய உதவி. பேசுவது எளிது என்றால் மாலை ஏழு மணிக்கு மேல் எந்த நாளிலும் கூப்பிடலாம். என் எண் உங்கள் தங்கையிடம் இருக்கிறது.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கையின் அலுவலகத் தோழி