உடைக்கும் கைகளை முன்னிறுத்தி: முந்திரி ஆலையின் ஐம்பதாம் ஆண்டு விழா உரை

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் ஆலையின் சகோதரிகளுக்கும், அவர்களுக்குப் பின்னே அமர்ந்திருக்கும் முந்திரித் தோப்பு உழவர்களுக்கும், கடலூரிலிருந்தும் விருத்தாசலத்திலிருந்தும் வந்திருக்கும் வணிகப் பெருமக்களுக்கும், வங்கி அலுவலர்களுக்கும், மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

எந்த ஆண்டில் எந்தக் கொட்டகை எழுந்தது, எப்போது எந்த உரிமம் கிடைத்தது என்பவை எல்லாம் உங்கள் கையில் இருக்கும் சிறு மலரில் அச்சிடப்பட்டிருக்கின்றன. அவற்றை நான் மறுபடி வாசிக்கப் போவதில்லை. 1976-இல் பண்ருட்டிக்கு வெளியே ஓலைக் கொட்டகையில் என் தந்தையார் தொடங்கிய இந்தத் தொழிலின் ஐம்பது ஆண்டுகளையும், இனி நாம் செய்யப் போவதையும், ஒரே ஒரு கேள்வியைக் கொண்டு பார்க்க விரும்புகிறேன். கொட்டையை உடைக்கும் கைக்கு என்ன நேர்கிறது என்பதே அந்தக் கேள்வி. இந்த ஆலை சரியாக எடுத்த முடிவுகள் எல்லாம் அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது எடுத்தவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வெளியூரிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள், இரண்டு அடுக்குகளுக்கு நடுவே, தேன்கூடு போன்ற அறைகளில் கரிய எண்ணெய் ஒன்று இருக்கிறது. அது தோலில் பட்டால் புண்ணாகும். நகக்கண்ணில் இறங்கினால் பல நாட்களுக்கு எரியும். பருப்பை எடுக்க வேண்டுமானால் அந்த ஓட்டை உடைத்தே தீர வேண்டும். தொடக்க காலத்தில் கொட்டையை வறுத்து, தரையில் அமர்ந்து, மரக்கட்டையால் தட்டி உடைத்தார்கள். விரல்களில் சாம்பலைப் பூசிக்கொள்வது, விளக்கெண்ணெய் தடவிக்கொள்வது ஆகியவையே அன்று இருந்த பாதுகாப்பு. வறுக்கும் புகையில் கண் கலங்காதவர் எவரும் அந்தக் கொட்டகையில் இல்லை. கையுறை அணிந்தால் விரல் ஓடாது, விரல் ஓடாவிட்டால் கிலோக் கணக்குக் கூலி குறையும் என்பதால், கையுறை வந்த பிறகும் பலர் அதை ஒதுக்கியே வைத்தார்கள். கூலியைக் கிலோவுக்கு என்று வைத்துவிட்டுக் கையுறை அணியச் சொல்வதில் பொருளில்லை. இதை விழா நாளில் பேசலாமா என்று சிலர் என்னிடம் தயங்கிக் கேட்டார்கள். இந்த ஆலையின் முதல் முதலீடு அந்தக் கைகள்தாம் என்பதால், முதலில் பேச வேண்டியதே இதுதான் என்று நான் கருதுகிறேன்.

வறுவலை விட்டு ஆவியில் அவிக்கும் முறைக்கு நாம் மாறியதைப் பெரும்பாலோர் பாய்லர் வாங்கிய கதையாகச் சொல்வார்கள். அது பாதிக் கதைதான். ஆவியில் அவித்த கொட்டையை உடனே வெட்டினால் பருப்பு குழைந்து நசுங்கும். அதிகம் காயவிட்டால் நொறுங்கும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆறவிட வேண்டும் என்பது கொட்டையின் ஈரத்துக்கும், காற்றின் தன்மைக்கும் ஏற்ப நாள்தோறும் மாறுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு கணக்கு, கத்திரி வெயிலில் வேறு கணக்கு. இயந்திரம் விற்றவர் கொடுத்த அட்டவணை நம் ஊர் மழைக்கு உதவவில்லை. கொட்டையைக் கையில் அள்ளிக் குலுக்கி, ஒன்றை இரண்டு விரலுக்கிடையே அழுத்திப் பார்த்து, “இன்னும் ஆகவில்லை, சாயங்காலம் ஆகட்டும்” என்று சொல்லும் அறிவு உடைக்கும் பிரிவில் இருந்த அக்காமார்களிடம் இருந்தது. என் தந்தையார் அவர்களைக் கேட்டுத்தான் ஆறவிடும் நேரத்தை வகுத்தார். காலால் மிதித்துக் கையால் இழுக்கும் வெட்டுக் கருவி வந்தபோது அதன் இருக்கை உயரத்தை மாற்றச் சொன்னவர்களும் அவர்களே. அதனால்தான் இன்றைக்கும் நம் ஆலையில் முழுப்பருப்பின் விகிதம் குறையும்போது, முதலில் அழைக்கப்படுபவர் மெக்கானிக் அல்லர். உடைக்கும் பிரிவின் மூத்தவர்.

நம் ஊரில் எவரும் தானே புயலைப் பற்றிப் பேசாமல் ஓர் ஐம்பதாண்டு விழாவை முடிக்க முடியாது. 2011 டிசம்பர் 30 காலையில் அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, ஒரு தலைமுறை வளர்த்த முந்திரி மரங்களும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. கூரை போனால் அடுத்த மாதம் கூரை போடலாம். மரம் போனால் அப்படி முடியாது. ஒட்டுக்கன்று நட்டாலும் மூன்றாம் ஆண்டில்தான் காய் பார்க்கலாம். நிறைவான விளைச்சலுக்கு அதற்கும் மேல் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஆலையை மூடிவிடலாம் என்று அறிவுரை சொன்னவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். மூடினால் உழவருக்கு விற்க இடமில்லாமல் போகும், கை பழகியவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், பிறகு மரம் காய்க்கும்போது உடைக்க ஆள் இருக்காது என்பதே என் தந்தையாரின் மறுமொழி.

எனவே தூத்துக்குடித் துறைமுகம் வழியாக மேற்கு ஆப்பிரிக்கக் கொட்டையை வாங்கினோம். அதன் அளவும் ஓட்டின் தடிமனும் வேறு, ஈரமும் வேறு. முதல் சரக்கில் நொறுங்கலே மிகுந்தது. அவிப்பதையும் ஆறவிடுவதையும் நம் பெண்கள் மீண்டும் புதிதாகக் கற்றுக்கொண்டார்கள். மறுபுறம், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் ஒட்டு ரகங்களை நட முன்வந்த உழவர்களுக்கு, பின்னாளில் விளைச்சலில் கழித்துக்கொள்ளும் முன்பணத்தை ஆலை கொடுத்தது. அன்று நட்ட மரங்களின் கொட்டைதான் இப்போது மாசி பங்குனி தொடங்கி நம் களத்தில் காய்கிறது. இங்கே அமர்ந்திருக்கும் உழவர்களே, நீங்கள் கணக்கை நேர் செய்த பிறகும் எங்களுக்கே கொட்டை தந்துகொண்டிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கைக்கு நான் இந்த மேடையிலிருந்து நன்றி சொல்கிறேன்.

இப்போது, நீங்கள் எல்லோரும் கேட்கக் காத்திருக்கும் செய்திக்கு வருகிறேன். புதிய கொட்டகையில் தானியங்கி வெட்டு இயந்திரமும், காற்றழுத்தத்தால் தோல் உரிக்கும் இயந்திரமும், கேமரா வைத்து நிறம் பிரிக்கும் இயந்திரமும் இறங்கியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பார்த்த நாளிலிருந்து, சாப்பாட்டு நேரத்தில் பேச்சு குறைந்திருப்பதும் எனக்குத் தெரியும். சுற்றுவட்டாரத்தில் வேறு சில ஆலைகளில் இயந்திரம் வந்த பிறகு ஆட்கள் குறைந்ததை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். உங்கள் அச்சம் நியாயமானது. ஆகவே ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்கிறேன்: இந்த ஆலையில் இன்று வேலை செய்யும் 140 பெண்களில் ஒருவரும் இயந்திரத்தின் பெயரால் அனுப்பப்பட மாட்டார். இது என் வாக்கு மட்டுமன்று. பங்குதாரர்கள் அனைவரும் கையெழுத்திட்ட தீர்மானம், நாளை முதல் நுழைவாயில் பலகையில் இருக்கும்.

இதை இரக்கத்தால் செய்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். வெட்டு இயந்திரத்தின் கத்தி இடைவெளியைக் கொட்டையின் அளவுக்கேற்ப வைக்க வேண்டும். பண்ருட்டிக் கொட்டைக்கு வைத்த இடைவெளியில் ஆப்பிரிக்கக் கொட்டையை ஓட்டினால் பருப்பு வெட்டுப்படும். போர்மா என்னும் உலர்த்தும் அடுப்பில் சூடு போதாத பருப்பின் தோல் எவ்வளவு காற்றடித்தாலும் வளைவுக்குள் ஒட்டிக்கொண்டே இருக்கும். டபிள்யூ 320 என்னும் தரம் என்றால் ஒரு பவுண்டு எடையில் ஏறத்தாழ 320 முழுப்பருப்பு. 240 என்றால் அதைவிடப் பெரியது, விலையும் கூடுதல். முழுப்பருப்பு இரண்டாகப் பிளந்தாலே விலை இறங்கிவிடும் தொழிலில், சரக்கு மாறும்போதெல்லாம் இயந்திரத்தைத் திருத்தி வைக்கத் தெரிந்த கண்ணும் கையும் இல்லாவிட்டால், அந்த இயந்திரம் விலையுயர்ந்த நொறுக்கும் ஆலையாகத்தான் இருக்கும். அந்தக் கண்ணும் கையும் உங்களிடம் இருக்கின்றன. வெளியிலிருந்து பட்டயப் படிப்பு முடித்த இளைஞர்களும் வருவார்கள். அவர்கள் மின்சுற்றைப் பார்ப்பார்கள், நீங்கள் கொட்டையைப் பார்ப்பீர்கள்.

கையால் ஓடு உடைக்கும் வேலை இந்த நிதியாண்டு முடிவதற்குள் நம் ஆலையில் நிற்கும். அந்தப் பிரிவில் இருப்பவர்கள், தங்கள் விருப்பப்படி, வெட்டு இயந்திரத்துக்கோ, தோல் உரித்தலுக்கோ, இறுதித் தரம் பார்த்தலுக்கோ செல்வார்கள். புதிய பிரிவுகளில் கிலோக் கணக்குக் கூலி இருக்காது. மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, வார விடுமுறை ஆகியவை இருக்கும். பயிற்சிக் காலத்தில் கடந்த ஆண்டின் சராசரிக் கூலிக்குக் குறையாமல் கொடுப்போம். ஐம்பது வயதைக் கடந்தவர்கள் பயிற்சிக்கு வரத் தயங்குவதாகக் கேள்விப்பட்டேன். தயங்க வேண்டாம் என்று அவர்களைத்தான் முதலில் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் ஆறவிடும் நேரத்தின் கணக்கு அவர்களிடமே முழுமையாக இருக்கிறது.

மற்றொரு முடிவும் உண்டு. இதுவரை ஓட்டை எரிபொருளாகவும் மொத்தமாகவும் விற்று வந்தோம். இனி ஓட்டிலிருந்து எண்ணெயை நாமே பிழிந்தெடுக்கப் போகிறோம். பெயின்ட் தயாரிப்பவர்களும் வாகன பிரேக் பட்டை செய்பவர்களும் அதை வாங்குகிறார்கள். இத்தனை ஆண்டுகள் உங்கள் விரல்களைச் சுட்ட எண்ணெய் அது. அதில் வரும் லாபத்தில் நான்கில் ஒரு பங்கு, தோல் நோய்க்கும் கண் நோய்க்கும் மருத்துவம் பார்க்கும் நிதியாக ஒதுக்கப்படும். ஓய்வு பெற்றவர்களுக்கும் அதில் உரிமை உண்டு. அந்த நிதியை நிர்வகிக்கும் குழுவில் பாதிப் பேர் உங்களுள் நீங்களே தேர்ந்தெடுப்பவர்கள்.

என் தந்தையார் இன்று உடல்நலம் கருதி வீட்டிலிருந்தே இந்த விழாவைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருக்கிறார். உரையை எழுதி முடித்து அவரிடம் படித்துக் காட்டினேன். பயிற்சிப் பட்டியலை யார் தயாரித்தது என்று மட்டும் கேட்டார். அலுவலகம் தயாரித்தது என்றேன். அதை உடைக்கும் பிரிவு அக்காமார்களிடம் கொடுத்துத் திருத்தி வாங்கு என்றார். ஆகவே திங்கட்கிழமை தொங்கவிட இருந்த பட்டியலை நிறுத்தி வைத்திருக்கிறேன். அந்தப் பிரிவின் மூத்தவர்கள் ஐவரும் இப்போது மேடைக்கு வந்து பட்டியலைப் பெற்றுக்கொள்ளுமாறு அன்போடு அழைக்கிறேன். முதல் அணியில் யார் யார், எந்த வரிசையில், காலையிலா மாலையிலா என்பதை நீங்கள் பேசி முடிவு செய்து புதன்கிழமைக்குள் தாருங்கள்; வியாழனன்று பயிற்சியைத் தொடங்குவோம். நன்றி, வணக்கம்.