ஊதியக் கணக்கு அலுவலர் பணியை இருவராகப் பகிர்ந்து செய்வது குறித்து

மனிதவள மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஊதியக் கணக்கு அலுவலர் பணிக்கான உங்கள் விளம்பரத்தைப் பார்த்தேன். வாரம் 40 மணி நேரம், திங்கள் முதல் வெள்ளி வரை, முழுநேரம் என்று தெளிவாகவே போட்டிருக்கிறீர்கள். தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். இந்த ஒரு பணியிடத்துக்கு நானும் ஷகிலாவும் சேர்ந்து விண்ணப்பிக்கிறோம். இருவரின் தற்குறிப்பும் இத்துடன் உள்ளன.

நான் சம்பளக் கணக்கில் 11 ஆண்டுகள் இருந்திருக்கிறேன். ஷகிலா 8 ஆண்டுகள். அதில் 4 ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தோம். ஒருவர் பாதியில் விட்ட எக்செல் தாளை மற்றவர் திறந்தால், "இது என்ன, இங்கே ஏன் இந்த நிறம்?" என்று கேட்க வேண்டியிருக்காது. எனக்கு வீட்டுப் பொறுப்புகள் இருப்பதால் முழு வாரம் வர முடியாது. ஷகிலாவுக்கு அவருடைய காரணங்கள் உண்டு. வரும் நாட்களில் முழுதாக வருவோம்.

நேரத்தை இப்படிப் பிரித்திருக்கிறோம். திங்கள், செவ்வாய் முழு நாளும் புதன் முற்பகலும் நான். புதன் பிற்பகல், வியாழன், வெள்ளி ஷகிலா. புதன் நண்பகலில் ஒரு மணி நேரம் இருவரும் இருப்போம். ஆளுக்கு 20.5 மணி நேரம், மொத்தம் 41. அந்தக் கூடுதல் ஒரு மணி நேரத்துக்கும் சம்பளம் கேட்கிறோம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதாவது விளம்பரத்தில் உள்ள சம்பளத்தில் ஆளுக்கு 51.25 சதவீதம். வேலையைக் கைமாற்றும் நேரத்தை இலவசமாகச் செய்வதாக ஒப்புக்கொண்டால், முதல் மாதம் ஒழுங்காக நடக்கும், மூன்றாவது மாதம் வாசலில் நின்று பேசுவதோடு முடிந்துவிடும். விடுப்பு நாட்களையும் வேலை நேரத்தின் விகிதத்திலேயே தரலாம்.

வேறு செலவும் கொஞ்சம் உண்டு. ஆள் கணக்கில் வரும் செலவுகள், அதாவது பயிற்சி, மென்பொருள் லாகின், கோப்புப் பராமரிப்பு எல்லாம் இரண்டாகும். மேசையும் கணினியும் ஒன்று போதும். லாகினை மட்டும் பகிர மாட்டோம். சம்பளக் கணக்கில் எந்தத் திருத்தத்தை யார் செய்தார் என்று பிறகு பார்த்தால் தெரிய வேண்டும். ஒரே பாஸ்வேர்டை இருவர் வைத்திருந்தால் அது தெரியாமல் போய்விடும்.

இதற்கெல்லாம் ஈடாக உங்களுக்கு என்ன கிடைக்கும்? முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் சம்பளக் கணக்கு முழுவதும் என் ஒருத்தி தலையில்தான் இருந்தது. ஒரு மாதம் 26ஆம் தேதி காய்ச்சலில் விழுந்தேன். வங்கிக்கு அனுப்ப வேண்டிய கோப்பு எங்கே இருக்கிறது என்றுகூட வேறு யாருக்கும் தெரியவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அனுப்பினேன். எல்லாரும் பாராட்டினார்கள். எனக்கென்னவோ அது பாராட்ட வேண்டிய விஷயமாகப் படவில்லை. அன்று நான் கண் திறக்காமல் கிடந்திருந்தால் அத்தனை பேருக்கும் சம்பளம் தள்ளிப்போயிருக்கும். அதோடு, பட்டியலைத் தயாரித்தவளே சரிபார்த்தவளும் என்றால் அது சரிபார்ப்பே அல்ல. நான் ஓவர்டைமைத் தவறான விகிதத்தில் போட்டால் என் கண்ணுக்கு அது சரியாகத்தான் தெரியும். நாங்கள் இருவராக இருந்தால் ஒருவர் தயாரிப்பார், மற்றவர் சரிபார்ப்பார். அதற்காக நீங்கள் வேறு யாருடைய நேரத்தையும் எடுக்க வேண்டியதில்லை.

உங்கள் விளம்பரப்படி வருகைப் பதிவு 22ஆம் தேதி முடிகிறது, 28ஆம் தேதி சம்பளம். வங்கிக் கோப்பு 26ஆம் தேதிக்குள் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டு பார்த்தோம். 22 செவ்வாயில் விழுந்தால் நான் பட்டியலைத் தயாரித்துப் புதனன்று கொடுப்பேன். ஷகிலா வியாழன் சரிபார்த்து வெள்ளி அனுப்புவார். வியாழனில் விழுந்தால் அவர் தயாரிப்பார், 26 திங்களன்று நான் சரிபார்த்து அனுப்புவேன். 22 புதனில் விழும் மாதம்தான் இடிக்கிறது. 26 ஞாயிறாகிவிடும், எனவே வெள்ளியே கோப்பு போயாக வேண்டும், அந்த நாட்களில் ஷகிலா மட்டும்தான் இருப்பார். அந்த மாதம் வெள்ளி பிற்பகல் நான் வந்து சரிபார்ப்பேன். பதிலுக்கு அடுத்த திங்கள் முற்பகலை ஷகிலா பார்த்துக்கொள்வார். மொத்த மணி நேரம் அதிகமாகாது.

இருவர் செய்யும் வேலையில் எனக்கு உண்மையான பயம் ஒன்றுதான்: "அவர் செய்திருப்பார் என்று நினைத்தேன்" என்ற பேச்சு. அதனால் பொதுவான ஒரு மின்னஞ்சல் பெட்டியும் ஒரே ஒரு கைமாற்றுத் தாளும் வைத்துக்கொள்வோம். முடிந்தது, பாதியில் நிற்பது, யாருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறோம் என்று மூன்று பத்திகள் போதும். பாதியில் நிற்கும் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒருவர் பெயர் இருக்கும், இருவர் பெயரும் சேர்ந்து இருக்காது. சம்பள முன்பணமோ பிடித்தமோ பற்றிக் கேட்டு வரும் ஊழியரிடம் "அவர் வியாழன்தான் வருவார்" என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அன்று இருப்பவர் பதில் சொல்வார். வேலையை விட்டுப் போகிறவர்களின் இறுதிக் கணக்கை மட்டும் தொடங்கியவரே முடிப்பார். அதைப் பாதியில் கைமாற்றினால் விடுப்புக் கணக்கில் எப்படியும் ஏதாவது விட்டுப்போகும்.

விடுப்பு பற்றி: முன்கூட்டியே தெரிந்த விடுப்பு என்றால் மற்றவர் இரண்டு வாரம் வரை முழுநேரம் வருவார், அந்தக் கூடுதல் மணி நேரத்துக்கான சம்பளத்துடன். திடீர்ச் சுகவீனத்துக்கு இப்படி வாக்குத் தர முடியாது. சம்பளம் போடும் வாரம் என்றால் எப்படியாவது வந்துவிடுவோம், மற்ற வாரங்களில் முயற்சி செய்வோம். ஒருவர் வேலையை விட்டுப் போனால், மற்றவர் ஆறு வாரம் வரை வாரம் நான்கு நாள் வந்து வேலையை ஓட்டுவார். அதற்குள் நீங்கள் இன்னொரு பகுதிநேர ஆளைத் தேடலாம். ஒப்பந்தங்கள் தனித்தனியாகவே இருக்கட்டும். ஒருவர் செய்த தவறுக்கு மற்றவர் வேலை போகக் கூடாது என்பது எங்களுக்கும் முக்கியம்.

இதை இப்போதே நிரந்தரமாக்கச் சொல்லவில்லை. மூன்று மாதம், அதாவது மூன்று சம்பளச் சுற்று பார்க்கலாம். சம்பளம் தேதி தவறாமல் போனதா, பணம் போன பிறகு எத்தனை சம்பளச் சீட்டுகளைத் திருத்த வேண்டி வந்தது, ஒரு வேலை நாளுக்கு மேல் பதிலில்லாமல் கிடந்த கேள்விகள் எத்தனை என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். இப்போது அந்த இடத்தில் எப்படி நடக்கிறதோ அதைவிட மோசமாக இருந்தால், ஒரு மாத அவகாசம் கொடுத்து முழுநேர ஆளை எடுத்துக்கொள்ளலாம். அடுத்தவருக்குக் கணக்கை ஒப்படைத்துவிட்டுத்தான் போவோம்.

இரண்டு பேர் என்பதே ஒத்துவராது என்றால் இன்னொரு வழி: நான் மட்டும் வாரம் மூன்று நாள், 24 மணி நேரம் வருகிறேன். பட்டியல், பிடித்தங்கள், வங்கிக் கோப்பு என்னிடம். வருகைப் பதிவையும் அன்றாடக் கேள்விகளையும் உங்கள் துறையில் ஏற்கெனவே இருப்பவர் பார்க்க வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் முதல் யோசனைதான் நல்லது. இந்த இரண்டாவது வழியில் சரிபார்க்க ஆள் இல்லாத பழைய சிக்கல் திரும்ப வந்துவிடும்.

நேரில் அரை மணி நேரம் கொடுத்தால் இருவரும் சேர்ந்தே வருகிறோம். புதன்கிழமை நண்பகல் என்றால் வசதி. மாதிரிக்கு ஒரு கைமாற்றுத் தாளை நிரப்பிக் கொண்டுவருகிறோம். தேர்வு வைப்பதாக இருந்தால் தனித்தனியாகவே வையுங்கள்.

இப்படிக்கு,
மாலதி

(ஷகிலா இதைப் படித்துவிட்டார். வெள்ளி பிற்பகல் பற்றிய வரி அவர் சேர்க்கச் சொன்னது.)