விதை மசோதா வரைவு 2025: எதில் என்ன மாறுகிறது, எதைப் பற்றி எழுதலாம்

ஒன்றிய வேளாண் அமைச்சகம் விதை மசோதாவின் வரைவை வெளியிட்டிருக்கிறது. சட்டமானால் 1966-ஆம் ஆண்டு விதைகள் சட்டமும் 1983 விதைக் கட்டுப்பாட்டு ஆணையும் போய்விடும். கருத்துச் சொல்ல 2025 டிசம்பர் 11 கடைசி நாள். வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டு, குடியாத்தம், கே.வி.குப்பம் பக்கத்து விவசாயிகளுக்குத் தேவையானதை மட்டும் எழுதுகிறோம்.

முக்கியமானது பதிவு. இதுவரை அரசு அறிவிக்கை செய்த ரகங்களுக்குத்தான் கட்டுப்பாடு. மற்றவை 'உண்மைநிலை விதை' என்ற அட்டையோடு கடைக்கு வந்துவிடும். இனி விற்பனைக்கு வரும் ரகம் பதிவாகியிருக்க வேண்டும். விதை வியாபாரிக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் பதிவு உண்டு. மூட்டையில் க்யூஆர் குறியீடு இருக்கும். ஆனால் மூட்டையைப் பிரித்து அரைக் கிலோவாக அளந்து வாங்கினால் குறியீடு கடையிலேயே நின்றுவிடும். பிரிக்காத பையாக வாங்குங்கள், பில்லை வைத்திருங்கள்.

விவசாயி தன் விதையைச் சேமிக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். பிராண்டு பெயரில் மட்டும் கூடாது. இலவம்பாடியில் ஒருவர் முள்ளுக் கத்தரி விதையை உலர்த்தி வைத்திருந்து பக்கத்து ஊருக்குக் கொடுத்தால் தடையில்லை. அதையே உறையில் போட்டுப் பெயர் அச்சடித்தால் சிக்கல். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ரகம் இது. ஊர்க்குழு சேர்ந்து உறையிட்டு விற்றால் விவசாயிக்கு உள்ள விலக்கு கிடைக்குமா? இதைத் தெளிவாக்கச் சொல்லிக் கட்டாயம் எழுத வேண்டும்.

பழைய சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான். வரைவில் பெருங்குற்றத்துக்கு 30 லட்சம் ரூபாய் வரையிலும் 3 ஆண்டு வரை சிறையும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அபராதம் அரசுக்குப் போகும். முளைக்காத நிலக்கடலைக்கு ஏக்கர் கணக்கில் செலவழித்தவர் நுகர்வோர் நீதிமன்றப் படியேற வேண்டியதுதான். எங்கள் கணிப்பில் வரைவின் பெரிய ஓட்டை இதுவே.

வரைவு முழுவதற்கும் கருத்துச் சொல்லலாம். 'விதிகளில் குறிப்பிடப்படும்' என்று விட்டிருக்கும் கட்டணம், படிவம் போன்றவற்றை இப்போது பேசிப் பயன் குறைவு. அவை சட்டத்துக்குப் பின் விதிகளாக வரும். விதிக்கு விடாமல் சட்டத்திலேயே எழுது என்று கேட்க வேண்டுமானால் இதுதான் நேரம்.

வேர்ட் அல்லது பிடிஎஃப் கோப்பாக jsseeds-agri@gov.in முகவரிக்கு அனுப்புங்கள். உட்பிரிவு எண், அதில் உள்ள வாசகம், நீங்கள் கேட்கும் மாற்று வாசகம், காரணம் என நான்கும் இருக்கட்டும். 'விவசாயிக்கு நியாயம் வேண்டும்' என்று மட்டும் எழுதினால் எந்தப் பிரிவில் சேர்ப்பார்கள்? இப்படி எழுதுங்கள்: "விதை முளைக்கவில்லை என்று புகார் வந்த 7 நாளுக்குள் அலுவலர் வயலைப் பார்வையிட்டு அறிக்கை தர வேண்டும், இழப்பீட்டை 60 நாளுக்குள் விதை நிறுவனம் தர வேண்டும் எனச் சேர்க்கவும். காரணம்: நாள் கடந்தால் வயலை உழுதுவிடுவோம், சாட்சி இருக்காது."