வியாழன் 13-ஆம் தேதி இதய டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை மாற்றித் தர வேண்டும் – பேச்சியம்மாள், ஓ.பி. எண் 48213

வணக்கம் மேடம்,

என் அம்மா பேச்சியம்மாளுக்கு (வயது 62) வருகிற வியாழக்கிழமை, நவம்பர் 13, காலை 10.30-க்கு இதய டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் இருக்கிறது. அன்றே டி.எம்.டி. டெஸ்டும் எடுப்பதாக இருந்தது. அதை டிசம்பர் முதல் வாரத்துக்குத் தள்ளி வைத்துத் தர முடியுமா?

சனிக்கிழமை சாயங்காலம் தண்ணீர்க் குடத்தோடு வாசற்படி இறங்கும்போது அம்மா வழுக்கி விழுந்துவிட்டார். வலது கணுக்காலில் ஜவ்வு கிழிந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. கட்டுப் போட்ட எலும்பு டாக்டர் மூன்று வாரம் காலை ஊன்றவே கூடாது என்று சொல்லிவிட்டார். பாத்ரூமுக்கே கைத்தாங்கலாகத்தான் கூட்டிப்போகிறோம், டிரெட்மில்லில் எப்படி நடப்பார்? 29-ஆம் தேதி கட்டைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

டாக்டர் செவ்வாய், வியாழன் மட்டும்தான் வருவார் என்று போன முறை சொன்னீர்கள். அதனால் டிசம்பர் 2 செவ்வாய் அல்லது டிசம்பர் 4 வியாழன் எங்களுக்கு வசதி. இரண்டும் நிரம்பிவிட்டிருந்தால் டிசம்பர் 9 செவ்வாய். நாங்கள் உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வரவேண்டும், ஆகவே 10 மணிக்கு மேல் எந்த நேரம் கொடுத்தாலும் சரி.

இரண்டு விஷயம் டாக்டரிடம் கேட்டுச் சொல்ல வேண்டும். டெஸ்டுக்காக மெட்டோபுரோலால் மாத்திரையை நாளை காலை முதல் நிறுத்தச் சொல்லியிருந்தார். டெஸ்டே தள்ளிப்போவதால் நிறுத்தாமல் வழக்கம்போலக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். சரிதானா என்று இன்று சாயங்காலத்துக்குள் தெரிந்தால் நல்லது. அப்புறம், கையிலிருக்கும் மாத்திரைகள் எல்லாம் 16-ஆம் தேதியோடு தீர்கின்றன. புதுத் தேதிவரைக்கும் சீட்டு எழுதித் தருவாரென்றால் தம்பி நேரில் வந்து வாங்கிக்கொள்வான்.

அம்மாவுக்கு இப்போது நெஞ்சுவலி எதுவும் இல்லை. விழுவதற்கு முன்புவரை மாடி ஏறினால் மூச்சு வாங்குவது மட்டும் இருந்தது. அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம் என்று டாக்டர் நினைத்தால் தயங்காமல் சொல்லுங்கள், கார் பிடித்து இந்த வியாழக்கிழமையே அழைத்து வந்துவிடுகிறோம். வாசலில் ஒரு வீல்சேர் மட்டும் வேண்டும். டி.எம்.டி. இல்லாமல் வேறு டெஸ்ட் பார்க்கலாமா என்பதையும் அவரே முடிவு செய்யட்டும்.

டெஸ்டுக்காக முன்பணம் 1,000 ரூபாய் கட்டிய ரசீது எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. அதைப் புதுத் தேதிக்கே வைத்துக்கொள்ளுங்கள், திருப்பித் தர வேண்டாம்.

தேதி முடிவானதும் இதே எண்ணுக்கு ஒரு மெசேஜ் போட்டால் போதும். பகலில் பள்ளியில் இருப்பேன், போனை எடுக்க முடியாது. மதியம் 12.40 முதல் 1.20 வரை கூப்பிட்டால் எடுப்பேன்.

நன்றி மேடம்.

முத்துலட்சுமி
(பேச்சியம்மாளின் மகள்)
நவம்பர் 10, 2025